ஒரு விரிவுரை, இரண்டு தாள்: லாப்லாஸ் அட்டவணையும் பிளாக் டயகிராம் சுருக்கும் வழியும்

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் விரிவுரையைக் கேட்டுக் குறிப்பெடுப்பது வேறு. கணக்குப் போடும்போது பக்கத்தில் விரித்து வைக்கிற தாளாக அதை மாற்றுவது வேறு. நான் எடுத்துக்கொண்டது இரண்டாவது வேலை. பதிவு செய்த விரிவுரை கையில் இருந்தது. லாப்லாஸ் உருமாற்றத்தின் வரையறையில் தொடங்கி, பிளாக் டயகிராமைச் சுருக்கி ஒரே டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனாக்குவதில் முடிகிறது அது. அதிலிருந்து இரண்டு தாள் மட்டும் வர வேண்டும்: ஒன்றில் உருமாற்ற ஜோடிகள், இன்னொன்றில் டயகிராம் சுருக்கும் வழி.

தாள் சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு கணக்கை முதலிலேயே தேர்ந்துகொண்டேன். ஒரு மோட்டாரின் கோணத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு அது. பிழை சிக்னல் 13 மடங்கு பெருக்கப்படுகிறது. அது மோட்டாருக்குப் போகிறது. மோட்டார் `1/(s+1)`, வெளிவருவது வேகம். வேகத்தை `1/s` கோணமாக்குகிறது. வேகத்தை டேக்கோ ஜெனரேட்டர் அளந்து, 3 மடங்காக மோட்டாரின் உள்ளீட்டிலிருந்து கழிக்கிறது. கோணம் அப்படியே திரும்பி வந்து, கட்டளையிலிருந்து கழிக்கப்படுகிறது. கட்டளை சட்டென்று 0-விலிருந்து 1-க்கு மாறினால் கோணம் எப்படி நகரும்? வீடியோவைத் திறக்காமல், இரண்டு தாளை மட்டும் வைத்து இதைப் போட்டு முடிக்க முடிந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

வாயால் சொன்னதும் போர்டில் எழுதியதும்

விரிவுரை நிரூபணத்தின் வரிசையில் போகும். இன்டெக்ரல், அதிலிருந்து எக்ஸ்பொனென்ஷியல், அதிலிருந்து சைன், கோசைன், அப்புறம் டெரிவேட்டிவ் விதி. கற்றுக்கொள்ள அது நல்ல வரிசைதான். ஆனால் கணக்கு நடுவில் தேடும்போது அந்த வரிசை உதவாது. அதனால் போர்டில் வந்த ஒவ்வொரு வரியையும் ஜோடி, விதி, நிரூபணம் என்று மூன்றாகப் பிரித்தேன். நிரூபணம் எதுவும் தாளுக்கு வரவில்லை.

இந்தப் பிரிப்பைவிட முக்கியமான வேலை ஒன்று இருந்தது. ஆசிரியர் போர்டில் சூத்திரத்தை எழுதுவார்; அது எப்போது செல்லும் என்பதை வாயால் சொல்லிவிட்டுப் போய்விடுவார். "செட்டில் ஆகிற சிக்னலாக இருந்தால் மட்டும்" என்பது போன்ற வார்த்தை போர்டில் இருக்காது, போர்டைப் பார்த்து எழுதியவர் நோட்டிலும் இருக்காது. ஆனால் தேர்வுத்தாளில் மதிப்பெண் போவதும், உண்மையான வடிவமைப்பில் விடை தப்பாவதும் அங்கேதான். எனவே இரண்டாம் முறை கேட்டபோது போர்டைப் பார்க்கவே இல்லை. நிபந்தனைகளை மட்டும் காதால் பிடித்து எழுதினேன். அட்டவணையில் அவற்றுக்குத் தனி நெடுவரிசை கொடுத்தேன்.

அப்படிக் கிடைத்த முதல் நிபந்தனை, இன்டெக்ரலின் கீழ் எல்லை. போர்டில் வெறும் `0` என்று இருந்தது; பேச்சில் அது `0-`, அதாவது t=0-க்குச் சற்று முன்பு. இது சின்ன விஷயம் இல்லை. டெரிவேட்டிவ் விதி `sF(s) - f(0-)`. யூனிட் ஸ்டெப்பின் உருமாற்றம் `1/s`. அதை டிஃபரன்ஷியேட் செய்தால் இம்பல்ஸ், இம்பல்ஸின் உருமாற்றம் 1. விதிப்படி `s·(1/s) - 0 = 1`, சரியாக வருகிறது. கீழ் எல்லையை `0+` என்று எடுத்தால் `1 - 1 = 0` ஆகி, இம்பல்ஸே காணாமல் போய்விடும். அதனால் தாளின் தலைப்புக்குக் கீழேயே "எல்லா இன்டெக்ரலும் `0-`-லிருந்து" என்று எழுதிவிட்டேன்.

அட்டவணையைத் திருப்பி எழுதியது

பெரும்பாலான அட்டவணைகளில் இடப்பக்கம் f(t), வலப்பக்கம் F(s) இருக்கும். நான் மாற்றி வைத்தேன். கணக்கில் நாம் தேடுவது பெரும்பாலும் s-லிருந்து t-க்குத்தான். உள்ளே போகும்போது ஸ்டெப், ரேம்ப் என்று இரண்டு மூன்று சிக்னல்தான் வரும், அவை மனதில் நிற்கும். வெளியே வரும்போதுதான் கையில் ஏதோ ஒரு பின்னம் இருக்கும், அது எந்த வரிசையோடு பொருந்துகிறது என்று தேட வேண்டும். தேடும் பக்கம்தான் இடப்பக்கம் இருக்க வேண்டும். போல் என்ற நெடுவரிசையில் இருப்பது, F(s)-இன் பகுதியை 0 ஆக்கும் s மதிப்பு.

| F(s) | f(t), t ≥ 0 | போல் | கடைசியில் (a > 0, w > 0) |
|---|---|---|---|
| `1` | `δ(t)` | இல்லை | 0 |
| `1/s` | `1` | `0` | 1 |
| `1/s^2` | `t` | `0`, இருமுறை | வளர்ந்துகொண்டே போகும் |
| `1/(s+a)` | `e^(-at)` | `-a` | 0 |
| `1/(s+a)^2` | `t·e^(-at)` | `-a`, இருமுறை | 0 |
| `w/(s^2+w^2)` | `sin wt` | `±jw` | நிலைக்காது |
| `s/(s^2+w^2)` | `cos wt` | `±jw` | நிலைக்காது |
| `w/((s+a)^2+w^2)` | `e^(-at)·sin wt` | `-a±jw` | 0 |
| `(s+a)/((s+a)^2+w^2)` | `e^(-at)·cos wt` | `-a±jw` | 0 |

ஒன்பது வரிசைதான். விரிவுரையில் இன்னும் சில ஜோடிகள் இருந்தன. பகுதி பின்னமாகப் பிரித்த பிறகு வருபவை பெரும்பாலும் இந்த ஒன்பதுக்குள் அடங்கிவிடுவதால் மற்றவற்றை விட்டுவிட்டேன்.

கடைசி நெடுவரிசைக்குக் காரணம் ஃபைனல் வேல்யூ தியரம். `s·F(s)`-இல் s-ஐ 0 ஆக்கினால் f(t)-யின் இறுதி மதிப்பு கிடைக்கும் என்பது அது. `sin wt`-க்குப் போட்டுப் பாருங்கள்: `s·w/(s^2+w^2)`, s = 0, விடை 0. சைன் அலை என்றைக்கு 0-வில் போய் நின்றது? அதேபோல் `1/(s(s-1))`-க்குப் போட்டால் -1 வருகிறது; உண்மையில் அதன் f(t) `-1 + e^t`, முடிவில்லாமல் ஏறிக்கொண்டே போகிறது. `s·F(s)`-இன் எல்லா போலும் இடப் பாதியில், அதாவது மெய்ப்பகுதி நெகட்டிவாக, இருந்தால் மட்டுமே தியரம் செல்லும். விரிவுரையில் வாயால் சொல்லப்பட்ட நிபந்தனை இதுதான். சூத்திரம் தப்பான இடத்திலும் ஒரு ஒழுங்கான எண்ணைக் கொடுத்துவிடுகிறது, அதுதான் இதில் ஆபத்து. எனவே போலை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் தியரத்தைத் தொடு என்று அந்த நெடுவரிசைக்குக் கீழே எழுதிவைத்தேன்.

ஜோடிகளைக் கையால் எழுதும்போது எங்கே வழுக்கும் என்றால், கீழ் இரண்டு வரிசைகளில்தான். தொகுதியில் இருக்க வேண்டிய `w` விட்டுப்போகும், அல்லது `s+a` இருக்க வேண்டிய இடத்தில் வெறும் `s` வந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க இன்டெக்ரலை மறுபடி போட வேண்டியதில்லை. s-ஐ மிகப் பெரிதாக்கி `s·F(s)` எங்கே போகிறது என்று பார்த்தால் t=0-வில் உள்ள மதிப்பு கிடைக்கும்: சைன் வரிசைக்கு 0, கோசைன் வரிசைக்கு 1. சைன் வரிசைக்கு `s^2·F(s)`-ஐயும் பார்க்க வேண்டும், அது தொடக்கச் சரிவு, `w` ஆக வர வேண்டும். `w` விட்டுப்போயிருந்தால் 1 வந்து காட்டிக்கொடுக்கும். `s+a`-க்குப் பதில் `s` எழுதிய தப்பை இது பிடிக்காது; அதற்கு s = 0 போட வேண்டும். தணிந்துபோகும் சிக்னலுக்கு F(0) என்பது வளைகோட்டின் கீழுள்ள மொத்தப் பரப்பு. கோசைன் வரிசைக்கு அது `a/(a^2+w^2)`. 0 வந்தால் எழுதியதில் தப்பு.

விதிகளில் டெரிவேட்டிவ், இன்டெக்ரல், தாமதம் ஆகிய மூன்றை மட்டும் அட்டவணைக்குக் கீழே வைத்தேன். தாமதத்துக்கு மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாகத் தேவைப்பட்டது. `e^(-2s)/s^2` என்றால் விடை `t-2` இல்லை, `(t-2)·u(t-2)`. t = 2 வரை அது 0. அந்த `u` இல்லாவிட்டால் சிக்னல் -2-விலிருந்து தொடங்குவதாக ஆகிவிடும்.

டயகிராம் தாள்

அட்டவணையைவிட இந்தத் தாளுக்குத்தான் யோசனை அதிகம் தேவைப்பட்டது. விரிவுரையில் விதிகள் படம் படமாக வந்தன: தொடராக இருந்தால் பெருக்கு, இணையாக இருந்தால் கூட்டு, முன்வழி `G`, திரும்பும் வழி `H` என்ற ஃபீட்பேக் என்றால் `G/(1+GH)`. அதன் பிறகு, சிக்னல் கிளை பிரியும் டேக் ஆஃப் பாயிண்ட்டை நகர்த்துவதற்கு இரண்டு படம், சிக்னல்கள் வந்து சேரும் சம்மிங் பாயிண்ட்டை நகர்த்துவதற்கு இரண்டு படம். இந்த நான்கையும் மனப்பாடம் செய்தால் `G`-ஆல் பெருக்குவதா வகுப்பதா என்று அவசரத்தில் குழம்பும். நான்குக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: நகர்த்திய பின்பும், அந்தக் கோடு போய்ச் சேரும் இடத்தில் பழைய சிக்னலே கிடைக்கிறதா?

டேக் ஆஃப் பாயிண்ட் `G`-க்கு முன்னால் இருக்கிறது, சிக்னல் x. அதை `G`-க்குப் பின்னால் தள்ளினால் அங்கே கிடைப்பது `Gx`. ஆனால் கிளைக்கு x தான் வேண்டும். ஆகவே கிளையில் `1/G`. அவ்வளவுதான். சம்மிங் பாயிண்ட்டை `G`-க்கு முன்னிருந்து பின்னால் தள்ளினால், முன்பு `G` வழியாகப் போய்க்கொண்டிருந்த பக்கச் சிக்னல் இப்போது போகவில்லை. ஆகவே அதன் கோட்டில் `G`. திரும்பும் திசைக்கு இரண்டும் தலைகீழ். தாளில் இந்தக் கேள்வியைப் பெரிதாக எழுதி, நான்கு படத்தைச் சின்னதாகப் பக்கத்தில் வைத்தேன்.

டேக் ஆஃப் பாயிண்ட்டை சம்மிங் பாயிண்ட்டைத் தாண்டி நகர்த்தக் கூடாது என்று தனியாக எழுதினேன். செய்ய முடியாது என்றில்லை. செய்தால் ஒரு புதிய சம்மிங் பாயிண்ட் முளைக்கும், படம் சுருங்குவதற்குப் பதில் பெருகும். ஒரே வகைப் புள்ளிகள் இரண்டு பக்கம் பக்கமாக இருந்தால் இடம் மாற்றிக்கொள்ளலாம், அதில் தொல்லை இல்லை.

எப்போது நகர்த்த வேண்டும் என்பதற்கும் ஒரு வரி வேண்டும். ஒரு லூப் இன்னொன்றுக்குள் முழுதாக அடங்கியிருந்தால் எதையும் நகர்த்த வேண்டாம், உள்ளேயிருந்து வெளியே சுருக்கிக்கொண்டே வந்தால் போதும். இரண்டு லூப்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டால்தான் நகர்த்தல். அப்படி வெட்டிக்கொள்ளும் உதாரணம் ஒன்றை முழுதாகத் தாளில் போட்டேன். `G1`, `G2`, `G3` வரிசையாக இருக்கின்றன. `G1`-க்கு முன் ஒரு சம்மிங் பாயிண்ட், `G2`-க்கு முன் இன்னொன்று. வெளியீட்டிலிருந்து `H1` வழியாக இரண்டாவது சம்மிங் பாயிண்ட்டுக்கு ஒரு கோடு. `G2`-வுக்கும் `G3`-க்கும் நடுவிலிருந்து `H2` வழியாக முதலாவதுக்கு ஒரு கோடு. இரண்டும் நெகட்டிவ் ஃபீட்பேக். ஒரு லூப் `G1`, `G2`-ஐச் சுற்றுகிறது, மற்றது `G2`, `G3`-ஐ. நடுவில் `G2` இரண்டுக்கும் பொது.

நடுவிலுள்ள டேக் ஆஃப் பாயிண்ட்டை `G3`-ஐத் தாண்டி வெளியீட்டுக்குத் தள்ளினால் `H2` என்பது `H2/G3` ஆகிறது. இப்போது `H1` லூப் உள்ளே, மற்றது வெளியே. உள் லூப் `G2·G3/(1+G2·G3·H1)`. அதை `G1`-ஆல் பெருக்கி வெளி லூப்பைச் சுருக்கினால்:

`Y/R = G1·G2·G3 / (1 + G2·G3·H1 + G1·G2·H2)`

`G3` வகுத்தது கடைசி உறுப்பில் அடிபட்டுப் போய்விட்டது. இது மனநிறைவு தரும் அடையாளம்: இப்படி எல்லா லூப்பும் ஒன்றையொன்று தொடும் படத்தில், பகுதியில் 1-க்குப் பிறகு வரும் ஒவ்வொரு உறுப்பும் முதல் படத்தில் இருந்த ஒரு லூப்பாக இருக்க வேண்டும். `G1·G2·G3·H2` என்று ஒரு உறுப்பு வந்தால், அப்படி ஒரு லூப் படத்தில் இல்லையே, `1/G3` போட மறந்திருக்கிறது என்று உடனே தெரியும்.

சரிபார்க்க எண்களைப் போட்டுப் பார்க்கும் பழக்கத்தையும் தாளில் சேர்த்தேன். ஆனால் எண்கள் 1 ஆக இருக்கக் கூடாது. 1-ஆல் பெருக்கினாலும் வகுத்தாலும் ஒன்றுதான், தப்பு மறைந்துகொள்ளும். `G1=2, G2=3, G3=4, H1=5, H2=7` என்று போட்டால் சரியான விடை 24/103. `1/G3`-ஐ மறந்தால் 24/229. தலைகீழாக `G3`-ஆல் பெருக்கிவிட்டால் 24/733. மூன்றும் தனித்தனியாகத் தெரிகின்றன. ஒப்பிட வேண்டிய 24/103-ஐப் படத்தைச் சுருக்காமல், சமன்பாடுகளிலிருந்து நேராக எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அது சரிபார்ப்பே ஆகாது. கையால் போடலாம், sympy இருந்தால் இப்படி:

```python
from sympy import symbols, solve, factor
R, G1, G2, G3, H1, H2, A, Y = symbols('R G1 G2 G3 H1 H2 A Y')
sol = solve([A - G2*(G1*(R - H2*A) - H1*Y),
             Y - G3*A], [A, Y])
print(factor(sol[Y]/R))
```

இதில் `A` என்பது நடுவிலுள்ள சிக்னல். டயகிராமை எந்த வழியில் சுருக்கினாலும் இந்த விடையோடு ஒத்துப்போக வேண்டும்.

தாளின் அடியில் ஒரு எச்சரிக்கை. சுருக்கும்போது மேலும் கீழும் ஒரே காரணி வந்தால் கை தானாக அடித்துவிடும். `1/(s-1)`-ஐத் தொடர்ந்து `(s-1)/(s+2)` வந்தால் காகிதத்தில் மிஞ்சுவது `1/(s+2)`, பார்க்க சாதுவாக இருக்கும். ஆனால் உள்ளே `e^t` மாதிரி வளரும் சிக்னல் அப்படியே இருக்கிறது. வெளியீட்டில் தெரியவில்லை, அவ்வளவுதான். அடித்த போலை ஓரத்தில் குறித்து வை, அது வலப் பாதியில் இருந்தால் நிறுத்து என்று எழுதினேன்.

மோட்டார் கணக்கு

இப்போது தொடக்கத்தில் வைத்த கணக்கு. டேக்கோ லூப் கோண லூப்புக்குள் முழுதாக அடங்கியிருக்கிறது, நகர்த்த வேண்டாம். உள் லூப்: `1/(s+1)`-ஐ 3 சுற்றுகிறது, ஆகவே `1/(s+4)`. அதோடு 13-ம் `1/s`-ம் சேர்ந்தால் `13/(s(s+4))`. வெளி லூப்பைச் சுருக்கினால் `13/(s^2+4s+13)`.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். டேக்கோவின் டேக் ஆஃப் பாயிண்ட்டை `1/s`-ஐத் தாண்டிக் கோணத்துக்குத் தள்ளினால் 3 என்பது `3s` ஆகிறது, விடை மாறாது. கணக்கில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் அந்த `3s`-க்கு அர்த்தம் கோணத்தை அளந்து டிஃபரன்ஷியேட் செய்வது. அளவீட்டில் இருக்கும் வேகமான இரைச்சலை அது ஊதிப் பெருக்கும். சுருக்கிய படம் விடை எடுப்பதற்கு, அதைப் பார்த்து வயர் இழுக்கக் கூடாது. வேகம் என்ற சிக்னலே சுருக்கிய படத்தில் இல்லை. இந்த இரண்டு வரியையும் டயகிராம் தாளில் சேர்த்துவிட்டேன்.

ஸ்டெப் கட்டளைக்கு வெளியீடு `13/(s(s^2+4s+13))`. பகுதி பின்னமாகப் பிரித்தால் `1/s - (s+4)/(s^2+4s+13)`. இரண்டாவது பின்னம் அட்டவணையில் அப்படியே இல்லை. பகுதியை முழு வர்க்கமும் ஒரு மிச்சமுமாக எழுதினால் `(s+2)^2 + 9`, ஆகவே a = 2, w = 3. தொகுதியை `(s+2) + 2` என்று உடைத்தால் முதல் பாதி கோசைன் வரிசை, இரண்டாவது பாதி சைன் வரிசை. சைன் வரிசைக்குத் தொகுதியில் 3 வேண்டும், இருப்பது 2, அதனால் 2/3:

`y(t) = 1 - e^(-2t)·(cos 3t + (2/3)·sin 3t)`

இந்த உடைப்புதான் அட்டவணையைப் பயன்படுத்துபவர் அதிகம் திணறும் இடம். எனவே இதே எண்களோடு அதை அட்டவணைத் தாளின் ஓரத்தில் மாதிரியாக எழுதிவைத்தேன்.

சரிதானா? t = 0-வில் `1 - 1 = 0`. டிஃபரன்ஷியேட் செய்தால் தொடக்கச் சரிவு `2 - 2 = 0`. நின்றிருந்த மோட்டார் அந்தக் கணமே வேகம் எடுக்க முடியாது, பொருந்துகிறது. போல்கள் `-2±j3`, இடப் பாதியில் இருக்கின்றன, ஆகவே ஃபைனல் வேல்யூ தியரம் செல்லும். இறுதி மதிப்பு 1. முதல் உச்சம் t = π/3-இல், அதாவது சுமார் 1.05 வினாடியில். அங்கே மதிப்பு `1 + e^(-2π/3)`, ஏறக்குறைய 1.123. 12.3 சதவீத ஓவர்ஷூட். டேக்கோவைக் கழற்றிவிட்டால் பகுதி `s^2+s+13` ஆகும், போலின் மெய்ப்பகுதி -2-விலிருந்து -0.5-க்கு வந்துவிடும், ஆட்டம் அடங்க நான்கு மடங்கு நேரம் ஆகும்.

இரண்டு தாளும் போதுமானதாக இருந்ததால் இன்னொரு கேள்வியையும் போட்டுப் பார்த்தேன்: மோட்டாரின் உள்ளீட்டுச் சம்மிங் பாயிண்ட்டில் வெளியிலிருந்து ஒரு மாறாத தொந்தரவு வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? கட்டளையை 0 ஆக்கிவிட்டு, தொந்தரவிலிருந்து கோணத்துக்குப் படத்தை மறுபடி வரைந்தால், முன்வழி `1/(s(s+4))`, திரும்பும் வழியில் 13. விடை `1/(s^2+4s+13)`. பகுதி மாறவில்லை. ஒரே அமைப்பில் உள்ளீட்டை எங்கே கொடுத்தாலும் லூப்கள் அவையேதான் என்பதால் பகுதியும் அதுவேதான், இடையில் எந்தக் காரணியும் அடிபடாத வரை. அது மாறி வந்தால் சுருக்கியதில் எங்கோ தப்பு. தொந்தரவின் அளவு 1 என்றால் கோணம் கட்டளையிலிருந்து 1/13, அதாவது சுமார் 0.077 விலகி நிற்கும். அந்த விலகலைக் குறைக்க 13 என்ற பெருக்கத்தைக் கூட்டலாம். ஆனால் 13 கூடும்போது போலின் மெய்ப்பகுதி -2-விலேயே நிற்க, w மட்டும் ஏறும். உச்சம் சீக்கிரமும் உயரமாகவும் வரும்.